டிகிரி சொல்வதும் பியூரெட் சொல்வதும்: உப்பில் எவ்வளவு மக்னீசியம்?

கேள்வி: "மரக்காணம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் இருக்கிறது. புதுச்சேரியில் உப்பு வாங்குகிறவர் 'மக்னீசியம் கூடுதல், 0.1 சதவீதத்துக்குள் வேண்டும்' என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். என்னிடம் டிகிரி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. உப்பைத் தண்ணீரில் கரைத்து அதை மிதக்க விட்டால் சுத்தம் தெரியுமா? இல்லை டைட்ரேஷன் செய்தே ஆக வேண்டுமா? வீட்டுப் பக்கத்தில் சின்னதாகச் செய்ய முடியுமா, சார்?"

முதலில் ஹைட்ரோமீட்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். கரைத்து மிதக்க விட்டால் சுத்தம் தெரியாது. 20 சதவீத உப்புக் கரைசலில், உப்பில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சோடியம் குளோரைடுக்குப் பதில் மக்னீசியம் குளோரைடு இருந்தாலும் டிகிரி 0.05 அளவுதான் நகரும். தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானாலே அதே அளவு நகர்ந்துவிடும். கண்ணால் எதையும் பிரித்துப் படிக்க முடியாது.

ஆனால் அதே கருவி பாத்தியில் நின்றால் பெரிய சேதி சொல்லும். ஏன் என்று பார்த்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

சுத்தமான சோடியம் குளோரைடை நம்ம ஊர் வெப்பத்தில் இனி கரையாது என்கிற அளவுக்குத் தண்ணீரில் கரைத்தால், உங்கள் கருவியின் பாமே அளவில் சுமார் 24 டிகிரிதான் காட்டும். அதற்கு மேல் போகவே முடியாது. ஆனால் உங்கள் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்குவதே இருபத்தைந்தரைப் பக்கம். அப்புறம் 27, 28, 29 என்று ஏறிக்கொண்டே போகிறது. சோடியம் குளோரைடு ஏற்கெனவே நிறைந்து, படிகமாகக் கீழே விழுந்துகொண்டிருக்கிறதே, டிகிரி எதனால் ஏறுகிறது? கீழே விழாமல் தண்ணீரிலேயே தங்கிச் செறிந்துகொண்டு போகும் மக்னீசியம் உப்புகளால். அதாவது 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் மக்னீசியக் கணக்கு.

1849-இல் உசில்யோ என்பவர் மத்தியதரைக் கடல் தண்ணீரைப் படிப்படியாக வற்றவைத்து, எந்த டிகிரியில் என்ன விழுகிறது, எவ்வளவு கன அளவு மிஞ்சுகிறது என்று அளந்து வைத்தார். அந்தக் கன அளவுகளிலிருந்து கணக்கிட்டால் தோராயமாக இப்படி வரும்: கடல் தண்ணீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மக்னீசியம், உப்பு பூக்கும் கட்டத்தில் 13 கிராம், 27 டிகிரியில் 20, இருபத்தெட்டரையில் 33, 30 டிகிரியில் 40-ஐத் தாண்டும். 27-க்கும் 29-க்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். மக்னீசியமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

இந்த மக்னீசியம் உப்புக்குள் எப்படி வருகிறது? சோடியம் குளோரைடு படிகம் தன் கட்டமைப்புக்குள் மக்னீசியத்தைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. வாரிய உப்பின் மேல் ஒட்டியிருக்கும் மக்னீசியம் செறிந்த கசப்புத் தண்ணீரும், படிகத்துக்குள் சின்னச் சின்னப் பைகளாகச் சிக்கிய தண்ணீரும்தான் அதைக் கொண்டு வருகின்றன. ஆகவே இரண்டு விஷயம் தெரிந்தால் மக்னீசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வாரும்போது பாத்தித் தண்ணீர் எத்தனை டிகிரி, வடிந்த உப்பில் ஈரம் எவ்வளவு.

ஒரு நிஜக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். போன ஏப்ரலில் மரக்காணத்திலிருந்து ஒருவர் கடலூருக்கு என் மேசைக்கு இரண்டு கிலோ உப்பு கொண்டு வந்தார். உங்கள் கதைதான் அவருக்கும். "நான் 28-ஐத் தாண்ட விடுவதே இல்லை சார், 27.8-இல் வாரிவிடுவேன்" என்று அடித்துச் சொன்னார். எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். மதியம் இரண்டு, இரண்டரை. கருவியை வாங்கிப் பார்த்தேன். தண்டின் மேல் 15.6 டிகிரி செல்சியஸ் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வெப்பத்தில்தான் அது சரியாகக் காட்டும். மதியப் பாத்தித் தண்ணீரோ 38, 39 செல்சியஸ். உப்புத் தண்ணீர் சூடாக ஆக இலேசாகும். ஒரு செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.05 டிகிரி குறைத்துக் காட்டும். 23 செல்சியஸ் வித்தியாசத்துக்கு 1.2 டிகிரி. அவர் பார்த்த 27.8 உண்மையில் 29. அவர் பொய் சொல்லவில்லை, கருவி சொன்னதை அப்படியே சொன்னார்.

உங்கள் கருவியிலும் தண்டைப் பாருங்கள். 27 செல்சியஸ் என்று போட்டிருந்தால் திருத்தம் பாதிதான். ஒரு சாதாரண வெப்பமானியும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் டிகிரி அரைச் சேதிதான். தண்டில் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தால் கனம் கூடிக் கருவி கீழே இறங்கும், அப்போதும் குறைத்தே காட்டும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு விடுங்கள். கருவி சரியா என்று பார்க்க, ஆய்வகத்தில் விற்கும் சுத்த சோடியம் குளோரைடை அடியில் கொஞ்சம் கரையாமல் மிஞ்சும்வரை கரைத்து மிதக்க விடுங்கள். 24 பக்கத்தில் நிற்க வேண்டும்.

சரி, அந்த உப்புக்கு வருவோம். ஒரு நாள் வடிந்தது, ஈரம் 4.8 சதவீதம். 29 டிகிரிக் கசப்புத் தண்ணீரில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்குதான் தண்ணீர், மீதி கரைந்த உப்புகள். 100 கிராம் உப்பில் 4.8 கிராம் தண்ணீர் என்றால் ஒட்டியிருக்கும் கசப்புத் தண்ணீர் சுமார் 7.2 கிராம். அடர்த்தி 1.25 என்பதால் அது 5.8 மில்லி. லிட்டருக்கு 36 கிராம் மக்னீசியம் என்று வைத்தால் 0.2 கிராம். ஆக, பியூரெட்டைத் தொடும் முன்பே 0.2 சதவீதம் என்று எழுதி வைத்துவிட்டேன்.

இந்தக் கணக்கு புதிதாக வாரிய உப்புக்குத்தான் செல்லும். வெயிலில் கிடந்தால் தண்ணீர் போய்விடும், மக்னீசியம் அங்கேயே இருக்கும். ஈரம் குறைவு, அதனால் மக்னீசியமும் குறைவு என்று ஏமாந்துவிடக் கூடாது. பழைய குவியலில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மக்னீசியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சோடியம் குளோரைடுக்கு 75 வேண்டும். கடற்கரையில் காற்று 33-க்குக் கீழே எப்போது போகிறது? அதனால் குவியல் வியர்த்து, மக்னீசியம் சொட்டுச் சொட்டாக அடிக்கு இறங்கும். மேலே எடுத்த கைப்பிடி நல்ல உப்பாகவும், அடியில் எடுத்தது மோசமாகவும் இருப்பது இதனால்தான். எனவே மாதிரி எடுக்கும்போது மேல், நடு, அடி மூன்றிலும் உள்ளே கைவிட்டு எடுத்து, கலந்து, கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி அப்படியே செய்து அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். உடனே காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள்.

இனி டைட்ரேஷன். பத்தாம் வகுப்பு முடித்தவர் இரண்டு நாளில் பழகிவிடக்கூடிய வேலைதான். 50 மில்லி பியூரெட், பிப்பெட்டுகள், ஒரு லிட்டர் அளவுக் குடுவை, 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும். ரசாயனக் கரைசல்களை மட்டும் செறிவு சரிபார்த்துத் தருகிற கடையில் வாங்குங்கள்.

20.00 கிராம் உப்பை, காய வைக்காமல் அப்படியே எடுத்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த தண்ணீரில் கரையுங்கள். அரை மணி நேரம் கலக்க வேண்டும். உப்பு இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும்; கூடவே இருக்கும் ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் அவ்வளவு சீக்கிரம் கரையாது. அவசரப்பட்டு வடிகட்டினால் அது தாளிலேயே தங்கி, மண் கணக்கில் போய்ச் சேரும். வடிகட்டியதை ஆறவைத்து ஒரு லிட்டர் ஆக்குங்கள்.

இதில் 50 மில்லி எடுத்தால் அதில் சரியாக 1 கிராம் உப்பு இருக்கும். அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு கலந்த பஃபர் 2 மில்லி விட்டு பி.ஹெச். 10-க்குக் கொண்டு வந்து, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி சிட்டிகை போட்டால் கரைசல் திராட்சைச் சிவப்பாகும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிவப்பு போய் ஊதா ஆகும், அங்கே நிறுத்தக் கூடாது. ஊதாவில் சிவப்புச் சாயல் துளியும் இல்லாமல் தெளிந்த நீலம் ஆகும் சொட்டுதான் முடிவு. கடைசியில் வண்ணம் மெதுவாகத்தான் மாறும், ஒரு சொட்டு விட்டு மூன்று வினாடி காத்திருங்கள். இது கால்சியம், மக்னீசியம் இரண்டுக்கும் சேர்ந்த அளவு.

அப்புறம் இன்னொரு 50 மில்லி. இதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச். 12-க்கு மேல் ஏற்றினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக ஒதுங்கிவிடும். பாட்டன் ரீடர் நிறங்காட்டி போட்டு அதே ஈ.டி.டி.ஏ. விட்டால் கால்சியம் மட்டும் கிடைக்கும். மியூரக்சைடும் போடலாம், ஆனால் அதன் இளஞ்சிவப்பு எங்கே முடிகிறது, ஊதா எங்கே தொடங்குகிறது என்று எனக்கே இன்னும் சண்டைதான்.

அந்த மரக்காணம் உப்புக்கு முதல் அளவு 12.4 மில்லி, இரண்டாவது 4.1 மில்லி. வித்தியாசம் 8.3 மில்லி மக்னீசியத்துக்கு. 50 மில்லியில் 1 கிராம் உப்பு என்று வைத்ததன் வசதி இங்கேதான்:

```
மக்னீசியம் % = 8.3 × 0.0243 = 0.20
கால்சியம் %  = 4.1 × 0.0401 = 0.16
```

முன்பே எழுதி வைத்த 0.2 அப்படியே வந்தது. இவ்வளவு பொருத்தம் எப்போதும் வராது, கால் பங்கு இப்படி அப்படி இருந்தாலும் எனக்குத் திருப்திதான். இரண்டும் பாதிக்குப் பாதி வேறுபட்டால், மாதிரி எடுத்ததிலோ டிகிரியிலோ தப்பு என்று தேடுவேன்.

இதில் நான் ஏமாந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோய், பக்கத்துக் கடையில் பேட்டரித் தண்ணீர் கேன் வாங்கி ஒரு நாள் முழுக்கச் செய்தேன். எல்லா உப்பிலும் மக்னீசியம் கொஞ்சம் தூக்கலாக வந்தது. சாயங்காலம் சந்தேகம் வந்து, உப்பே போடாமல் வெறும் தண்ணீர் 50 மில்லிக்குச் செய்து பார்த்தால் 0.8 மில்லி இழுத்தது. குழாய்த் தண்ணீரைக் கலந்து அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கடலூர்க் கடினத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே. அதிலிருந்து எந்தத் தண்ணீரானாலும் வெறுமனே ஒரு தடவை செய்து அந்த அளவைக் கழிக்காமல் விடுவதில்லை. இன்னொன்று: எவ்வளவு விட்டாலும் நீலமே வராமல் மங்கலாக ஊதாவிலேயே நின்றால், பாத்தி மண்ணின் இரும்பு நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பஃபருக்கு முன்பு கொஞ்சம் டிரைஎத்தனோலமீன் விடுங்கள்.

இனிச் சுத்தம். பலரும் நேராக வெள்ளி நைட்ரேட்டுக்குப் போவார்கள். நம் கரைசலில் 10 மில்லி எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டு, 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட் விட்டால், மஞ்சளுக்குள் செங்கல் நிறம் கலக்கக் கலக்க மறையாமல் நிற்கும்போது முடிவு. அந்த உப்புக்கு 32.25 மில்லி ஆனது. ஒரு மில்லிக்கு 2.922 சதவீதம் சோடியம் குளோரைடு என்று பெருக்கினால் 94.2 சதவீதம்.

இந்த எண்ணை அப்படியே சீட்டில் எழுதினால் தப்பு. வெள்ளி நைட்ரேட் குளோரைடைத்தான் எண்ணுகிறது, அது சோடியத்தோடு வந்ததா மக்னீசியத்தோடு வந்ததா என்று அதற்குத் தெரியாது. உப்பு கசக்கக் கசக்க இந்த முறை அதைக் கூடுதல் சுத்தம் என்று காட்டும், அதுதான் வேடிக்கை. போதாததற்கு ஒரே ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் 0.15 சதவீதம் நகர்ந்துவிடும்.

அதனால் நான் எதிர்ப் பக்கத்திலிருந்து வருவேன். அசுத்தங்களை ஒவ்வொன்றாக அளந்து நூறிலிருந்து கழிப்பேன். சின்ன அளவில் பத்தில் ஒரு பங்கு தப்பு வந்தாலும் மொத்தத்தில் அது சின்னத் தப்புதான். கால்சியம் முழுவதையும் கால்சியம் சல்பேட்டாக வைத்தால் 0.56. மக்னீசியத்தில் மூன்றில் ஒரு பங்கு சல்பேட்டாகவும் மீதி குளோரைடாகவும் இருக்கும். ஜிப்சம் விழுந்த பிறகு கடல் தண்ணீரில் மிஞ்சும் சல்பேட்டின் அளவை வைத்து வரும் விகிதம் இது. அப்படிப் பார்த்தால் மக்னீசியம் சல்பேட் 0.33, மக்னீசியம் குளோரைடு 0.53. பொட்டாசியம் குளோரைடு 0.1 போல. கரையாத மண் 0.22, ஈரம் 4.8. எல்லாம் கழித்தால் சோடியம் குளோரைடு 93.5 சதவீதம். வெள்ளி நைட்ரேட் சொன்ன 94.2-இல் மக்னீசியம், பொட்டாசியம் குளோரைடுகளின் பங்கைக் கழித்தால் 93.5. இரண்டு வழியும் ஒத்துப்போயின, இதற்காகத்தான் இரண்டையும் செய்வது.

ஈரத்தைக் கழித்து உலர் எடைக்கு மாற்றினால் 98.2 சதவீதம். உணவு உப்புக்குச் சட்டம் கேட்பது உலர் எடையில் 96. கரையும் மற்ற உப்புகள் 3 சதவீதத்துக்குள் இருக்கலாம், இதில் 1.6 தான். சுத்தத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. வாங்குகிறவர் கேட்ட 0.1 மக்னீசியம் அவருடைய சொந்தக் கணக்கு. மூட்டையில் கட்டி தட்டாமல், ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் 'சுத்தம் இல்லாத உப்பு' என்று சொல்லி விலையைக் குறைக்க அது காரணம் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

ஈரம் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. உப்பைப் பொடித்து, மூடி போட்ட கிண்ணத்தில் காய வையுங்கள். பொடிக்காமல் வைத்தால் படிகத்துக்குள் சிக்கிய தண்ணீர் ஆவியாகிப் படபடவென்று வெடித்து வெளியே தெறிக்கும், அந்த எடையும் ஈரமாகக் கணக்கில் ஏறிவிடும். 105 செல்சியஸில் மக்னீசியம் உப்புகள் தங்கள் தண்ணீரை முழுசாக விடாது. 140 வரை வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை பாருங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு சல்பேட் என்ற விகிதம் கடல் அல்லது கால்வாய்த் தண்ணீரில் ஓடும் உப்பளத்துக்குத்தான். போர் போட்டு நிலத்தடி உவர் தண்ணீர் எடுப்பவர் என்றால் சல்பேட்டைத் தனியாகப் பேரியம் குளோரைடு போட்டு எடைபார்த்தே ஆக வேண்டும், ஊகம் செல்லாது. குரோமேட்டும் வெள்ளியும் கலந்த கழிவைப் பாத்தி வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். குரோமேட் விஷம், புற்றுநோய் வரவைக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்து, கழிவைத் தனிக் கேனில் சேருங்கள்.

சரி, 0.20-ஐ 0.1-க்கு எப்படிக் கொண்டு வந்தார் அவர்? திருத்தம் போட்ட டிகிரி இருபத்தேழரை ஆனதும் தண்ணீரை வெளியேற்றிவிடச் சொன்னேன். அதாவது மதியம் அவர் கருவியில் 26.3 காட்டும்போது. இதில் நஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்: இருபத்தேழரைக்கும் 29-க்கும் நடுவில் விழ வேண்டிய உப்பு, அதாவது கடலிலிருந்து வந்த மொத்த உப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, கீழே விழாமல் தண்ணீரோடு போய்விடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கடைசி வரிசைப் பாத்தி இரண்டுக்குத் திருப்பி, அதில் எடுப்பதைத் தனிக் குவியலாக, இரண்டாம் தரமாக விற்கிறார். முதல் தரத்தை வாரியதும் அப்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கிய இருபத்தைந்தரை டிகிரித் தண்ணீரில் ஒரு தடவை அலசி, இரண்டு நாள் வடிய விடுகிறார். அலச நல்ல தண்ணீர் எடுத்தால் உப்பே கரைந்து ஓடும். பழைய கசப்புத் தண்ணீரில் அலசினால் அலசியே பயனில்லை. பூக்கத் தொடங்கும் தண்ணீர் ஏற்கெனவே உப்பால் நிறைந்தது, அதனால் உப்பைக் கரைக்காது, மக்னீசியத்தை மட்டும் நீர்த்துப்போகச் செய்யும்.

ஜூனில் மறுபடி ஒரு டப்பா கொண்டு வந்தார். ஈரம் 3.5 சதவீதம். மக்னீசியத்துக்கான வித்தியாசம் 3.4 மில்லி, அதாவது 0.083 சதவீதம். படிகத்துக்குள் சிக்கிய தண்ணீரும் இதில் சேர்த்திதான், அதை எவ்வளவு அலசினாலும் எடுக்க முடியாது. இதற்கும் கீழே வேண்டும் என்று யாராவது கேட்டால் உப்பை உடைத்துத்தான் அலச வேண்டும், அதற்கு விலையும் வேறு.